கேட்பதும் சொல்வதும்: ஒரு கடிதம், ஒரு பர்மிட்

போடிநாயக்கனூரில் வீடு கட்டிக் கொடுத்தே எனக்கு முப்பது வருஷம் போய்விட்டது. இந்த ஊரில் ஒருவர் வீட்டை இடித்துத் திருத்த நினைத்தால் யாரிடமும் கடிதம் எழுதிக் கேட்பதில்லை. சுவர் பொதுச் சுவராக இருந்தால் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்வார்கள். "திங்கக்கிழமை ஆள் வருது, சாமி படத்தைச் சுவத்துல இருந்து எறக்கி வச்சிருங்க." அனுமதி, அறிவிப்பு, எச்சரிக்கை எல்லாம் அந்த ஒரு வரியில் முடிந்துவிடும். இடித்த செங்கல்லும் காரையும் வாசலில் ரெண்டு நாள் கிடந்தால், புது வீட்டுக்குத் தரை மட்டம் ஏற்றுகிற யாராவது டிராக்டரோடு வந்து கேட்டு வாங்கிப் போவார்கள்.

அதனால் ஃபிளாட்டில் வேலை செய்ய அனுமதி கேட்பது என்பது எனக்குப் புதுப் பாடம். இரண்டு பேர் ஒரே சமயத்தில் என்னிடம் வந்ததால்தான் அதைக் கற்றுக்கொண்டேன். ஒருவர் சென்னையில் இருக்கும் என் தம்பி. தரைத்தளத்தில் வாகனம் நிறுத்தி, மேலே நான்கு மாடி, பதினாறு வீடு; அதில் மூன்றாம் மாடி. மற்றவள் சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின், அதாவது வீவகவின், பழைய புளோக் ஒன்றில் இருக்கும் என் அக்கா மகள். இருவருக்கும் ஒரே வேலை: குளியலறையின் பழைய டைல்ஸை உடைத்தெடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். இருவரும் தாங்கள் அனுப்பிய, அனுப்பப்போகிற தாள்களை என்னிடம் காட்டினார்கள்.

தம்பியின் கடிதம் மூன்று வரி. "மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, எங்கள் வீட்டில் சில சிறு பராமரிப்பு வேலைகள் செய்ய இருக்கிறோம். அனுமதி தந்து ஒத்துழைக்க வேண்டுகிறேன்." செயலாளர் அதன் மேலேயே பச்சை மையில் கையெழுத்துப் போட்டுவிட்டார். கூடவே சங்கத்தின் வழக்கமான நிபந்தனைகள்: காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை, ஞாயிறு கூடாது, மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை சத்தம் கூடாது, லிஃப்டில் மணல் ஏற்றக் கூடாது, திருப்பித் தரக்கூடிய முன்பணம் கட்ட வேண்டும். எந்த அறை, எந்தச் சுவர், எத்தனை நாள், உடைத்தது எங்கே போகும் என்று அவரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை.

அக்கா மகள் யாருக்கும் கடிதமே எழுதவில்லை. வீவகவின் பட்டியலில் உள்ள ஒப்பந்தக்காரர்தான் அவள் சார்பில் இணையத்தில் விண்ணப்பித்தார். அவள் உறுதிப்படுத்தினாள். பர்மிட் வந்தது. பழைய கட்டடம் என்பதால் ஒரு மாதத்தில் வேலையை முடிக்க வேண்டும். புதுக் கட்டடமாக இருந்தால் மூன்று மாதம் கிடைக்கும். பக்கத்து வீடுகளுக்கு வேலையைப் பற்றிய அறிவிப்பு முன்கூட்டியே போனது. "யாரும் வேண்டாம்னா என்ன செய்வே?" என்று கேட்டேன். "மாமா, இங்க யாரையும் கேக்க வேண்டியதில்ல, சொன்னாப் போதும்" என்றாள்.

அந்தப் பேச்சு எனக்குள் தங்கிவிட்டது. சென்னையில் கேட்கிறார்கள், ஆனால் எதையும் சொல்வதில்லை. சிங்கப்பூரில் எல்லாவற்றையும் சொல்கிறார்கள், ஆனால் கேட்பதில்லை. இரண்டு தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தால் மற்ற வேறுபாடுகளும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன என்று தோன்றுகிறது.

கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் ஊர் அடுக்குமாடியில் கட்டடம் குடியிருப்பவர்களுடையது. வீட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் தன் வீடு தனிச் சொத்து. தூண், தளம், மாடிப்படி, குழாய் இறங்கும் சந்து எல்லாம் பொதுச் சொத்து. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டமும், அதன் இடத்தில் 2022இல் இயற்றப்பட்டு 2024இல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டமும் இந்த அடிப்படையில்தான் நிற்கின்றன. உள்ளே டைல்ஸ் மாற்றுவதற்கு மாநகராட்சியிடம் கட்டட அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆகவே அந்த வேலையை முன்கூட்டிப் பார்க்கக்கூடிய ஒரே கண் சங்கம்தான். அந்தச் சங்கத்தின் செயலாளர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியாகவோ ஆசிரியராகவோ இருப்பார். அவருக்குத் தெரிந்தது சத்தமும் குப்பையும். எனவே நிபந்தனைகளும் சத்தத்தையும் குப்பையையும் பற்றியே இருக்கின்றன.

வீவக அப்படியில்லை. கட்டியதும் அதுவே, வரைபடம் வைத்திருப்பதும் அதுவே. 1960இல் தொடங்கிய அமைப்பு. ஒவ்வொரு புளோக்கிலும் எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது என்று அதற்குத் தெரியும். எனவே அதன் கேள்விகள் பொறியாளரின் கேள்விகள். எந்தச் சுவரை எடுக்கிறாய்? புதுத் தளத்தின் கனம் எவ்வளவு? டைல்ஸும் அதன் கீழ்ச் சாந்தும் சேர்ந்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. பழைய டைல்ஸை எடுக்காமல் அதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் இந்த விதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். புதுக் கட்டடமாக இருந்தால், கட்டி முடித்து மூன்று வருஷம் வரை குளியலறையின் தரை, சுவர் டைல்ஸைத் தொடவே கூடாது. அடியில் உள்ள நீர்க்காப்புப் பூச்சு கெட்டுவிடும் என்பதற்காக. இந்த இரண்டும் சென்னையில் நான் பார்த்த எந்தச் சங்கத்தின் தாளிலும் இல்லை.

இங்கே எடையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். மலையடிவாரத்துக்காரனுக்கு எடை தானாகவே கண்ணில் படும். குரங்கணிக்கு மேலே ஜீப் போகாத தோட்டங்களுக்கு ஒரு மூட்டை சிமெண்ட் கொண்டு சேர்க்க என்ன செலவாகும் என்று எங்கள் பக்கத்து மேஸ்திரியைக் கேட்டால் தூக்கத்தில் கூடச் சொல்வார். அங்கே உடைத்த கல்லைக் கீழே கொண்டுவர யாரும் நினைப்பதில்லை. அதை ஏலச் செடிக்கு மண் சரியாமல் இருக்கக் கல்கட்டாக அடுக்கிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் தம்பி வீட்டுக் குளியலறையையும் கணக்குப் போட்டேன்.

எட்டடிக்கு ஐந்தடி அறை. ஏழடி உயரம் வரை டைல்ஸ். கதவைக் கழித்தால் சுவர் 165 சதுர அடி, ஏறக்குறைய 15 சதுர மீட்டர். டைல்ஸும் பின்னால் ஒட்டியிருக்கும் சாந்தும் மூன்று சென்டிமீட்டர் என்று வைத்தால், 900 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இதோடு முடிந்திருந்தால் அவன் எழுதிய "சிறு பராமரிப்பு" என்ற சொல்லை மன்னித்திருக்கலாம். ஆனால் சென்னைக் குளியலறைகளில் தளம் ஓரடி இறக்கிப் போடப்பட்டிருக்கும். சங்கன் ஸ்லாப் என்பார்கள். அந்தக் குழிக்குள் குழாய்களை ஓடவிட்டு, செங்கல் ஜல்லி போட்டு நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டுவார்கள். கசிவு உள்ளே இருந்தால் மேல் டைல்ஸை மட்டும் மாற்றிப் பயனில்லை, குழியைக் காலி செய்ய வேண்டும். தம்பி வீட்டில் அதையும் செய்ய வேண்டியிருந்தது. அந்த நிரப்பு மட்டும் ஒன்றேமுக்கால் டன். ஆகமொத்தம் 2.7 டன். ஒரு சாக்குக்கு 27 கிலோ போட்டால் நூறு சாக்கு.

சிங்கப்பூரில் இந்தக் குழி இல்லை. ஏழடிக்கு ஐந்தடி அறையில் சுவரும் தரையும் சேர்ந்து ஒன்றேகால் டன்னுக்குள் அடங்கியது. வேலையின் பெயர் ஒன்றாக இருந்தாலும் தம்பி உடைத்தது இரண்டு மடங்குக்கும் மேல். அதைச் சொன்ன தாளோ மூன்று வரி.

2.7 டன்னை உடைத்ததும் எங்கே வைப்பது? ஆட்கள் வழக்கமாகச் செய்வது, பக்கத்து அறையின் மூலையில் சாக்குகளை மார்பளவு அடுக்கிவிட்டுக் கடைசி நாளில் வண்டி பிடிப்பது. நம் நாட்டு வீட்டுத் தளங்கள் சதுர மீட்டருக்கு 200 கிலோ புழங்குபாரம் தாங்கும் என்ற கணக்கில் வடிவமைக்கப்படுகின்றன. ஒரு சதுர மீட்டரில் மார்பளவு அடுக்கிய காரைச் சாக்குகள் அதைப் போல ஆறேழு மடங்கு. உடனே ஒன்றும் ஆகாமல் போகலாம். நல்ல கான்கிரீட்டுக்குக் கையிருப்பு உண்டு. ஆனால் கான்கிரீட் நல்லதா என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. 2022 பிப்ரவரி 10 அன்று குருகிராமில் சின்டெல்ஸ் பாரடிசோ குடியிருப்பின் ஆறாம் மாடி வீட்டில் தரைவேலை நடந்துகொண்டிருந்தது. அந்த அறையின் தளம் பெயர்ந்து விழுந்து, அடுத்தடுத்த தளங்களையும் இழுத்துக்கொண்டு கீழே போனது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். முதலில் எல்லோரும் அந்த வேலையைத்தான் பழித்தார்கள். பிறகு டில்லி ஐஐடி ஆய்ந்தபோது கான்கிரீட்டுக்குள் குளோரைடு மிகுந்து கம்பிகள் துருப்பிடித்திருந்தது தெரியவந்தது. வேலைதான் காரணம் என்று சொல்வதற்கில்லை. நோயுற்ற தளத்தின் மேல் அந்த வேலை நடந்தது. அனுமதி கொடுப்பவர் கேட்க வேண்டிய கேள்வி சத்தத்தைப் பற்றி மட்டுமல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை.

இப்போது கால அட்டவணைக்கு வருகிறேன். சென்னைச் சங்கம் நாளின் நேரத்தை வகுக்கிறது. வீவக சத்தத்தை வகுக்கிறது. இரண்டுக்கும் நிறைய வித்தியாசம். சிங்கப்பூரில் பொது வேலை திங்கள் முதல் சனி வரை, காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை நடக்கலாம். ஆனால் சுவர் இடிப்பது, டைல்ஸ் பெயர்ப்பது போன்ற பேரிரைச்சல் வேலைகள் திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை ஐந்தோடு நிற்க வேண்டும். சனிக்கிழமை கூடாது, பெருநாள்களுக்கு முந்தின நாளும் கூடாது. இடிப்பும் பெயர்ப்பும் தொடர்ச்சியாக மூன்று நாளுக்குள் முடிய வேண்டும். அக்கா மகளின் ஒப்பந்தக்காரர் போட்ட மூன்று நாளில் கடைசி நாள் தீபாவளிக்கு முந்தின நாளாக விழுந்துவிட்டது. பர்மிட் கையில் இருந்தும் அந்த மூன்று நாளையும் அப்படியே அடுத்த வாரத்துக்குத் தள்ளினார்கள்.

தம்பியின் கட்டடத்திலோ "மத்தியானம் சத்தம் கூடாது" என்ற ஒரே விதியால் வேறொரு சிக்கல். ஒன்றுக்கு நிறுத்தி மூன்றுக்குத் தொடங்கினால் ஆட்களுக்கு ஏழு மணி நேர வேலைதான் ஓடும், கூலியோ முழு நாளுக்கு. பிரேக்கர் மெஷின் நான்கு நாளுக்குப் பதில் ஐந்து நாள் சத்தம் போடும். கீழ்வீட்டுப் பெண்ணுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு. அந்தக் குடும்பத்தைப் போய்க் கேட்டிருந்தால், "மத்தியானமும் சேர்த்து அடிச்சு நாலு நாளில் முடிங்க, நாங்க அவளை அவங்க அத்தை வீட்டுக்கு அனுப்பிடறோம்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். பிறகு கேட்டபோது அப்படியேதான் சொன்னார்கள். சத்தத்தில் மனிதரைக் கோபப்படுத்துவது டெசிபலைக் காட்டிலும் என்று முடியும் என்று தெரியாததுதான். மூன்று நாள் விதிக்குள் அந்த அறிவு இருக்கிறது.

இடிபாடு விஷயத்தில் இரண்டு ஊரும் வாயால் ஒரே விதியைச் சொல்கின்றன: பொது இடத்தில் வைக்காதே, நீயே அகற்று. சிங்கப்பூரில் நகர மன்றம் பழைய கட்டில், பீரோ எடுத்துப் போகும். திருத்த வேலையின் காரையைத் தொடாது. அதை ஒப்பந்தக்காரர்தான் கொண்டுபோக வேண்டும். தவறினால் அவர் பட்டியலிலிருந்தே விழலாம் என்பதால் கொண்டுபோகிறார். சென்னையில் மாநகராட்சிக்குப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டடக் கழிவைப் பதப்படுத்தும் ஆலைகள் உண்டு. ஆனால் ஒரு குளியலறையின் காரை அங்கே தானாகப் போய்ச் சேராது. 2016இல் வந்த கட்டடக் கழிவு விதிகள் ஒரு நாளில் 20 டன், அல்லது ஒரு மாதத்தில் 300 டன் உண்டாக்குகிறவர்களிடம்தான் தரம் பிரித்துத் திட்டம் கொடுக்கச் சொன்னன. 2.7 டன் காரருக்கு, தெருவில் கொட்டாமல் சேகரிப்பிடத்தில் சேர்க்க வேண்டும் என்ற பொதுக் கடமை மட்டும்தான். அதைக் கவனிக்க ஆளில்லை. தம்பியின் மேஸ்திரி "வண்டிக்காரன் பார்த்துக்குவான்" என்றார். வண்டிக்காரர் எங்கே பார்த்துக்கொள்வார் என்று புறநகர் ஏரிக்கரைகளில் நடந்தவர்களுக்குத் தெரியும். போடியில் நாங்களும் யோக்கியர்கள் இல்லை. கொட்டகுடி ஆற்றின் ஓரத்தில் கிடக்கும் உடைந்த டைல்ஸில் என் வேலையிடத்துத் துண்டும் இருக்கலாம். செங்கல் காரையைக் கேட்டு வாங்கிப் போக ஆளுண்டு, டைல்ஸை யாரும் கேட்பதில்லை.

கடைசியில் தம்பியின் கடிதத்தை நானே திருப்பி எழுதினேன். ஒரு பக்கம் வந்தது. முதல் பத்தியில் எந்த அறை, எந்தச் சுவரிலும் இடிப்பு இல்லை, தூண் உத்திரம் தொடப்படாது என்று எழுதி, கையால் வரைந்த படம் ஒன்றை இணைத்தேன். அவன் கட்டடம் தூணும் செங்கல் சுவருமாக எழுந்தது, அதனால் எளிது. அலுமினிய அச்சில் வார்த்த புதுக் கட்டடங்களில் சுவர் முழுக்கக் கான்கிரீட். வயருக்காகக் கோடு வெட்டுவதற்குக்கூட அங்கே பொறியாளரைக் கேட்க வேண்டும். அடுத்த பத்தியில், குழியின் அடித்தளத்துக்கு மேலே கடைசி இரண்டு அங்குலத்தில் பிரேக்கர் ஓடாது, உளியும் சுத்தியலும்தான் என்று எழுதினேன். மெல்லிய தளத்தில் மெஷின் இறங்கினால் கம்பி தெரிந்துவிடும். அதன் பிறகு நூறு சாக்கு. நாளுக்கு 25 வீதம் நான்கு நாள். ஒரு நாளின் சாக்குகள் 700 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு டாடா ஏஸ் ஒரு நடை. மாலை ஆறுக்குள் வீட்டில் ஒரு சாக்கும் மிச்சம் இருக்காது. ஆறு பேர் லிஃப்டின் கொள்ளளவு 408 கிலோ. பன்னிரண்டு சாக்கும் ஒரு ஆளும் ஏறினாலே கிட்டத்தட்ட அதை எட்டிவிடும். எனவே படி வழியாகத்தான். வண்டி காரையைச் சேர்க்கும் இடத்தின் ரசீது சங்கத்துக்குத் தரப்படும், அதற்குப் பிறகே முன்பணம் திரும்பும் என்றும் சேர்த்தேன். இந்த ஒரு வரிதான் தம்பிக்குப் பிடிக்கவில்லை. "நம்மளே நம்ம கழுத்துல கயிறு போடணுமாண்ணே?" என்றான்.

செயலாளர் அதைப் படித்துவிட்டுப் பச்சைக் கையெழுத்துப் போடவில்லை. மூன்று கேள்வி கேட்டார். மூன்றாவது கேள்வி நல்ல கேள்வி: "கீழ் வீட்டு சீலிங்கில் ஏற்கெனவே ஈரம் இருக்கே, நாளைக்கு உங்க வேலையால வந்ததுன்னு அவங்க சொன்னா?" அதனால் வேலை தொடங்கும் முன் கீழ்வீட்டுக் கூரையைத் தேதியோடு படம் எடுத்து இரு வீட்டாரும் வைத்துக்கொண்டார்கள். தம்பி வீட்டை இரண்டு வாரம் பூட்டி வைத்துப் பார்த்தபோதும் ஈரம் குறையவில்லை. கசிவது குளிக்கும் நீர் அல்ல, நீர்க்குழாய் என்று கொஞ்சம் துணிந்து சொல்ல முடிந்தது. கொஞ்சம் என்பதற்குக் காரணம், குழியில் தேங்கிய பழைய நீரும் பல நாள் சொட்டும். குழியைத் திறந்தபோது மூலையில் குழாய் இணைப்பு ஒன்று கசிந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில் சிங்கப்பூர் முறையின் ஓட்டையும் தெரிகிறது. கீழ்வீட்டுக் கூரை கசிந்தால் மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்து பொறுப்பு. பழுதைச் சரிசெய்ய வீவக பாதியும் இரு வீட்டார் கால்பங்கு வீதமும் ஏற்கும் உதவித் திட்டம் இருக்கிறது. ஆனால் இதெல்லாம் கசிந்த பிறகு. வேலைக்கு முன்பு கீழ்வீட்டாரின் கூரையை யாரும் போய்ப் பார்ப்பதில்லை, ஏனென்றால் விண்ணப்பத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை. நீர்க்காப்புப் பூச்சுக்குப் பிறகு ஒப்பந்தக்காரர் ஒரு நாள் நீர் தேக்கிப் பார்த்தார்; மேலேயிருந்து மட்டும் பார்த்தார். நான் சொன்ன பிறகு அக்கா மகள் கீழே போய்க் கதவைத் தட்டினாள். அங்கிருந்த மலாய்க்காரப் பாட்டி அவளைக் குளியலறைக்குக் கூட்டிப்போய்க் கூரையைக் காட்டி, பதினோரு வருஷத்தில் மேல்வீட்டிலிருந்து ஒருவர் வந்து கேட்பது இதுதான் முதல் முறை என்றாராம்.

தம்பி வீட்டில் குழியை நிரப்பும் முன் இரண்டங்குலம் தண்ணீர் கட்டி, சுவரில் சாக்பீஸால் மட்டம் குறித்து, 48 மணி நேரம் விட்டோம். வெயில் நாள் என்பதால் ஓரிரு மில்லிமீட்டர் ஆவியாகப் போகும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். முதல் நாள் இரவு கீழ்வீட்டுக்காரர் டார்ச் அடித்து எடுத்த படம் தம்பிக்கு வந்தது, இரண்டாம் நாள் காலையில் இன்னொன்று. மேலே கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு நூலிழை இடைவெளி. கீழே பழைய கறையின் ஓரம் வெளுத்திருந்தது. அன்று சாயங்காலமே மேஸ்திரி ஜல்லி இறக்கலாமா என்று கேட்டார். கீழ்வீட்டுக்காரர் இன்னொரு ராத்திரி பார்த்துவிடலாமே என்றார். பார்த்தோம்.